பிடிஎஃப்பில் கலையும் கொம்பும் காலும்

ஒரு தமிழ்ச் சொல்லைக் கணினி சேமிக்கும் வரிசையும் அது திரையில் தெரியும் வரிசையும் ஒன்றல்ல. 'பொறுப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோட் முறையில் அது எட்டுக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது: பகரம், ஒகரக் குறி, றகரம், உகரக் குறி, பகரம், புள்ளி, மீண்டும் பகரம், உகரக் குறி. கண் பார்ப்பதோ வேறு. ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது, பிறகு ப, துணைக்கால், று, ப், பு. ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எழுத்துக்கு முன்னால் போய்விட்டது. றகரமும் உகரமும் சேர்ந்து 'று' என்ற தனி வடிவமாகிவிட்டன.

இந்த மாற்றத்தைச் செய்வது எழுத்து வடிவமைப்பு நிரல். பல மென்பொருள்கள் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துகின்றன. எந்தக் குறியைப் பிரித்து முன்னால் தள்ளுவது என்பது இந்த நிரலுக்குத் தெரியும். எந்த இரண்டு சேர்ந்தால் எந்த வடிவம் என்ற அட்டவணை எழுத்துருக் கோப்புக்குள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் 'பொறுப்பு' உருவாகிறது.

பிடிஎஃப் கோப்பு இந்த வேலையைச் செய்வதில்லை. 'இந்த எழுத்துருவில் இத்தனையாவது வடிவத்தை, பக்கத்தில் இந்த இடத்தில் வரை' என்ற கட்டளைகளை மட்டுமே அது வைத்திருக்கிறது. திறந்து காட்டும் மென்பொருள் அவற்றை அப்படியே நிறைவேற்றும். ஆகவே தமிழ் கலைவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலரது முயற்சி வீணாகிறது.

முதலாவது, எழுத்துரு கோப்புக்குள் இல்லாமை. உருவாக்கியவர் கணினியில் அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருப்பதால் அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். பெறுபவரிடம் அது இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். முதல் எழுத்துருவில் 57ஆம் வடிவம் 'று'வாக இருந்தால், மாற்று எழுத்துருவில் அதே எண்ணில் 'ளி'யோ ஆங்கில எழுத்தோ இருக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நிலைமை இன்னும் மோசம். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது `mk;kh` என்று தெரியும்.

இதற்கு மருந்து எழுத்துருவை உள்ளே பொதிவது. வடிவங்களின் வரைபடங்களே கோப்போடு பயணம் செய்வதால், பெறுபவரிடம் எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. முழு எழுத்துருவும் போக வேண்டியதுமில்லை. ஆவணத்தில் பயன்பட்ட வடிவங்கள் மட்டும் போதும். அதனால் கோப்பின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. வேர்ட் மென்பொருளில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது `Options` பகுதியில் `PDF/A` என்றிருப்பதைத் தேர்ந்தால் பொதிதல் கட்டாயமாகும். சில எழுத்துருக்களின் உரிமம் பொதிவதைத் தடுக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அந்தத் தடை இல்லை.

பொதிந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அடோபி ரீடரில் `File`, `Properties`, `Fonts` என்று போனால் எழுத்துருப் பெயருக்கு அருகே `Embedded Subset` என்றிருக்க வேண்டும். கட்டளை வரியில் பார்க்க:

```
pdffonts malar.pdf
```

விடையில் `emb` என்ற நிரலின்கீழ் `yes` வர வேண்டும்.

இரண்டாவது காரணம், பிடிஎஃப் உருவாக்கிய மென்பொருளே வடிவமைப்பைச் செய்யாமை. ரசீது, சான்றிதழ் போன்றவற்றைத் தானாக அச்சிடும் நிரல்களில் இது அதிகம். அவை எட்டுக் குறியீடுகளை வந்த வரிசையிலேயே எட்டு வடிவங்களாக வரைந்துவிடும். 'கேள்வி' என்பதில் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும். 'று'வில் றகரம் தனியாக, உகரக் குறி தனியாகக் கிடக்கும். இங்கே எழுத்துருவைப் பொதிந்தும் பயனில்லை, தவறான வரிசைதான் பத்திரமாகப் பொதியப்படும். வடிவமைப்பைச் செய்யும் வழிக்கு மாறுவதே தீர்வு. எஃப்பிடிஎஃப்2 என்ற பைத்தான் நூலகத்தில், எழுத்துருவைச் சேர்த்த பிறகு இந்த ஒரு வரி அதைச் செய்யும்:

```
pdf.set_text_shaping(True)
```

நிரல் தெரியாதவர் அதே பக்கத்தைக் குரோம் உலாவியில் திறந்து, அச்சிடும் இடத்தில் பிடிஎஃப்பாகச் சேமித்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

எது காரணம் என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். உருவாக்கிய கணினியில் நன்றாக இருந்து வேறிடத்தில் கலைந்தால் எழுத்துரு பொதியப்படவில்லை. உருவாக்கிய கணினி உட்பட எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலைந்திருந்தால் வடிவமைப்பு நடக்கவில்லை. அச்சகத்துக்கு அனுப்பும் முன் கோப்பை இன்னொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து, கொம்பும் உகரமும் உள்ள சொற்களை மட்டுமாவது படித்துப் பார்த்துவிட வேண்டும்.