காயில் வெளியே, தராசு உள்ளே

கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கும், லைனில் வோல்டேஜும் இறங்கும். தோட்டத்து மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கருகும். கோவைப் பக்கம் தனியாளாக மோட்டார் ரிப்பேர் கடை நடத்துபவருக்கு அதுதான் சீசன். ஆனால் கருகிய கம்பியை எடுத்து, புதுக் காயில் கட்டி, வார்னிஷைக் காயவைத்து மாட்டுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். நாலு மோட்டார் சேர்ந்து வந்தால் காயில் வேலையை வெளியே கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கொடுக்கலாம், ஆனால் மோட்டாரைப் பிரிக்கும் வேலையை மட்டும் கொடுக்கக்கூடாது. கம்பி எத்தனை கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகிறது என்ற விவரமெல்லாம் பழைய காயிலில்தான் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டால் பிறகு யாரைக் கேட்பது? கடைக்காரரே எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு, அதன் நகலோடு வெறும் ஸ்டேட்டரை அனுப்ப வேண்டும். அனுப்புமுன் அதை எடை போட வேண்டும்.

எடை எதற்கு என்று கேட்கலாம். ஒரு 5 எச்.பி. மோட்டாருக்கு 20 கேஜ் செம்புக் கம்பி மூன்று கிலோ பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுபவர் 21 கேஜில் கட்டிவிட்டால் சுற்று எண்ணிக்கை சரியாகவே இருக்கும். சும்மா ஓட்டிப் பார்த்தால் ஆம்பியரும் சரியாகவே காட்டும். வார்னிஷ் பூசிய பிறகு கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், தடை கால் பங்கு கூடியிருக்கும். தோட்டத்தில் முழு லோடில் ஓடும்போது சூடேறி, சில மாதத்தில் மறுபடி கருகும். வார்னிஷ் பூசுமுன் ஸ்டேட்டரைத் தராசில் வைத்தால் மூன்று கிலோ கூடியிருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 2.4 கிலோதான் கூடியிருக்கும். காகிதம், நூல் எடை இதில் சொற்பம்.

சுற்றைக் குறைத்துக் கட்டியிருந்தால் கதை வேறு. லோடு இல்லாமலே ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறி நிற்கும். கிளாம்ப் மீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பேஸிலும் ஆம்பியர் ஒன்றுபோல் இல்லையென்றால் ஏதோ ஒரு காயிலில் எண்ணிக்கை தவறியிருக்கலாம், அல்லது இணைப்பு மாறியிருக்கலாம். வார்னிஷ் சரியாகக் காய்ந்ததா என்பதை 500 வோல்ட் மெகர் சொல்லும். காய்ந்த புதுக் காயிலுக்கு அது நூறு மெகாஓமுக்கு மேல் காட்டுவது வழக்கம். ஐந்து, பத்து என்று நின்றால் மாட்டாமல் திரும்ப வெயிலில் வைக்க வேண்டியதுதான்.

கம்பியைக் கடைக்காரரே வாங்கிக் கொடுத்து, கட்டுபவருக்குக் கூலி மட்டும் பேசுவது நல்லது. கம்பியில் மிச்சம் பிடிக்கும் ஆசைக்கு அப்போது இடமில்லை. கூலியும் சோதனை முடிந்த பிறகே. சோதனையில் தவறினால் மறுபடி கட்டுவது அவர் பொறுப்பு. இதை முதல் நாளே பேசிவிடுங்கள், மோட்டார் கருகிய பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

புது ஆளுக்கு முதல் வேலையாகக் கடையில் கிடக்கும் சொந்தப் பழைய மோட்டாரைக் கொடுத்துப் பாருங்கள். விவசாயியின் மோட்டார் பிறகு போகட்டும்.