அனோவா முடிவை ஆய்வக அறிக்கையில் எழுதுவது

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றனவா என்று ஒரே சோதனையில் பார்ப்பதுதான் ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு. ஆய்வகங்களில் அனோவா என்றே சொல்வார்கள். குழுக்களுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைக் குழுக்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் வருவது F. கணக்கைக் கணினி போட்டுவிடும். மாணவர் தடுமாறுவது, வந்த எண்களை நாலைந்து வரியில் எழுதும்போதுதான்.

ஆர் மென்பொருளோடு சேர்ந்தே வரும் `PlantGrowth` என்ற தரவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனெட் டாப்சன் 1983இல் வெளியிட்ட புள்ளியியல் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. மொத்தம் 30 எடைகள்: கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பத்து, இரண்டு வெவ்வேறு முறைகளில் வளர்த்த செடிகளுக்குப் பத்துப் பத்து. அளந்தது செடிகளின் காய்ந்த எடை. மூன்றே வரிகளில் பகுப்பாய்வு முடிந்துவிடும்:

```
fit <- aov(weight ~ group, data = PlantGrowth)
summary(fit)
TukeyHSD(fit)
```

அறிக்கையில் முதலில் வர வேண்டியது F அல்ல, சராசரிகள். கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி 5.03, முதல் முறைக்கு 4.66, இரண்டாம் முறைக்கு 5.53, திட்ட விலக்கங்கள் முறையே 0.58, 0.79, 0.44. இவை இல்லாமல் F மதிப்பை மட்டும் தந்தால், எந்தச் செடி கனத்தது, எது மெலிந்தது என்பதே படிப்பவருக்குத் தெரியாது.

அடுத்து அனோவாவின் முடிவு: F(2, 27) = 4.85, p = .016. அடைப்புக்குறிக்குள் இருப்பவை கட்டின்மை எண்கள். மூன்று குழுக்களில் ஒன்றைக் கழித்தால் 2, முப்பது செடிகளில் மூன்றைக் கழித்தால் 27. இவற்றை விட்டுவிடக் கூடாது; அறிக்கையைத் திருத்துபவர் எத்தனை குழு, எத்தனை செடி என்று சரிபார்ப்பது இவற்றை வைத்துத்தான்.

இந்த p சொல்வது மிகக் குறைவு. மூன்று சராசரிகளும் ஒன்றே என்ற கருதுகோள் இந்தத் தரவோடு பொருந்தவில்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்பதைக் குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். அதற்குச் சாதாரண டி சோதனையை மூன்று முறை போட்டால் என்ன ஆகும் என்பதை இதே தரவு காட்டுகிறது. கட்டுப்பாட்டுக் குழுவையும் இரண்டாம் முறையையும் மட்டும் தனியே எடுத்து டி சோதனை போட்டால் p ஏறத்தாழ .048; மாணவர் மகிழ்ந்து போய் ‘வேறுபாடு உண்டு’ என்று எழுதிவிடுவார். ஆனால் ஒப்பீடுகள் கூடக் கூட, தற்செயலாக ஒன்று தேறிவிடும் வாய்ப்பும் கூடும். அதைக் கட்டுக்குள் வைக்கும் டூக்கி முறையில் அதே ஒப்பீட்டின் p .198 ஆகிறது. முதல் முறைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே .391. இரண்டு முறைகளுக்கும் இடையே மட்டும்தான் .012.

ஆக, எந்த முறையும் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து தெளிவாக விலகவில்லை. தம்முள்தான் இரண்டும் விலகி நிற்கின்றன. ‘இரண்டாம் முறை செடி வளர்ச்சியைக் கூட்டியது’ என்று எழுதினால் அது தவறு. ‘முதல் முறைக்கும் கட்டுப்பாட்டுக்கும் வேறுபாடே இல்லை’ என்பதும் அதே அளவு தவறு. பத்துப் பத்துச் செடிகளில் வேறுபாட்டுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதுதான் சரி.

மிஞ்சுவது பகுதி ஈட்டா வர்க்கம். வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை p சொல்லாது. அதைச் சொல்வது இந்த எண். குழுக்களுக்கு இடையேயான வர்க்கக் கூட்டுத்தொகை 3.766, குழுக்களுக்குள் 10.492. இரண்டின் கூடுதலால் முதலாவதை வகுத்தால் 0.264. எடையில் காணும் மாறுபாட்டில் கால் பங்குக்குச் சற்று மேல் வளர்ப்பு முறையோடு சேர்ந்தது என்று பொருள். காரணி ஒன்றே என்பதால் இங்கே பகுதி ஈட்டாவும் வெறும் ஈட்டாவும் ஒரே எண்தான். மற்றவர் அறிக்கையில் இதைச் சோதிக்க வர்க்கக் கூட்டுத்தொகைகூட வேண்டாம்: (2 × 4.85) ÷ (2 × 4.85 + 27) மீண்டும் 0.26 தருகிறது. பொருந்தவில்லை என்றால் எங்கோ எண் தவறியிருக்கிறது.

எல்லாம் சேர்ந்த முடிவுப் பகுதி இவ்வளவுதான்:

‘வளர்ப்பு முறைக்கு ஏற்பச் செடிகளின் காய்ந்த எடை வேறுபட்டது, F(2, 27) = 4.85, p = .016, ηp² = .26. டூக்கி ஒப்பீட்டில், இரண்டாம் முறைச் செடிகளின் எடை (சராசரி 5.53, திட்ட விலக்கம் 0.44) முதல் முறைச் செடிகளைவிட (4.66, 0.79) கூடுதலாக இருந்தது; வேறுபாடு 0.87, 95% நம்பக இடைவெளி 0.17 முதல் 1.56 வரை, p = .012. கட்டுப்பாட்டுக் குழு (5.03, 0.58) எந்த முறையிலிருந்தும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை (p = .391, .198).’

ஒரு குறை உண்டு: எடையின் அலகு இல்லை. ஆர் தரும் விளக்கக் குறிப்பில் அது கிடையாது. சொந்தமாக எடை போட்ட மாணவருக்கு அந்தச் சாக்கு செல்லாது. சிறிய மாதிரிகளில் ஈட்டா சற்று மிகைப்படுத்தும் என்பதையும் கவனிக்க வேண்டும். அதைத் திருத்திக் கணிக்கும் ஒமேகா வர்க்கம் இதே தரவுக்கு 0.20தான்.