‘கட்டணம் இல்லை’ என்றால் இலவசமா?

சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடை முன்னால் வரிசையில் நின்றவர்களில் பலர் இப்போது தங்கும் விடுதியில் படுத்தபடியே போனில் அனுப்பிவிடுகிறார்கள். தமிழிலேயே திரை காட்டும் செயலிகளும் உண்டு. ஆனால் தமிழில் வந்தாலும் கணக்கு கணக்குதான்.

ஆயிரம் வெள்ளி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வருவதாகவும் வைத்துக்கொள்வோம். அது வங்கிகளுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தின் நடுவிலை. நம் கைக்கு அப்படியே கிடைக்காது. முதல் செயலி ‘கட்டணம் இல்லை’ என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது, விகிதம் 64.20. வீட்டுக்குப் போவது 64,200 ரூபாய். இரண்டாவது செயலி 4 வெள்ளி பிடிக்கிறது, விகிதம் 64.90. மீதி 996 வெள்ளிக்கு 64,640 ரூபாய். கட்டணம் வாங்கியவரிடம்தான் 440 ரூபாய் கூடுதல். இலவசம் என்றவர் தன் கூலியை விகிதத்துக்குள் ஒளித்துவிட்டார்.

ஆகவே விகிதத்தையும் கட்டணத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ‘செலுத்த வேண்டிய மொத்தம்’ இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி வைத்து, ‘பெறும் தொகை’ எது கூடுதல் என்று மட்டும் பாருங்கள். மொத்தத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில செயலிகள் கட்டணத்தை ஆயிரத்துக்குள் கழிக்கும், சில 1,004 வெள்ளி கேட்கும். முதல் தடவை அனுப்புவோருக்கு மட்டும் தரும் சலுகை விகிதமும் ஒரு கண்ணி. அடுத்த மாதம் அதே செயலியில் அது இருக்காது. ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியில் வரும் உறுதிப்படுத்தும் திரையில்தான் நாம் அவசரப்படுகிறோம். பெயர் சரியாக இருப்பதைப் பார்த்ததும் விரல் பொத்தானுக்குப் போய்விடுகிறது. இந்தியாவில் மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வங்கி வரவு வைக்கலாம். எண்ணில் ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்துவிட்டால், பணம் அவரிடம் போகும். திரும்பப் பெறுவது பெரும்பாடு. பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எண்ணைக் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சரிபாருங்கள். IFSC குறியீட்டில் 11 எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில ஓ அல்ல.

‘அனுப்பப்பட்டது’ என்று வந்தால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிவிட்டது என்றுதான் பொருள். ஊரில் வரவு ஆகவில்லை என்றால் அந்தத் திரையின் படத்தை வைத்து வங்கிக்காரர் ஒன்றும் செய்ய முடியாது. செயலி நிறுவனத்திடம் UTR எண்ணைக் கேட்டு வாங்கி ஊருக்கு அனுப்புங்கள். அதைக் கொண்டுதான் அவர் தேடுவார்.