ஐந்து டைரி, ஒரு தேதி

"அடுத்த போர்டு மீட்டிங்குக்கு உங்களுக்கு எப்போது வசதி?" என்று ஐந்து டைரக்டர்களுக்கும் மெயில் அனுப்பும் உதவியாளருக்கு ஐந்து விதமாகப் பதில் வரும். ஒருவர் "மாத இறுதி" என்பார், இன்னொருவர் "பாருங்கள், சொல்கிறேன்" என்பார். அனுபவசாலிகள் காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணிவிட்டுத்தான் மெயிலே எழுதுவார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் கூட்டம் 2025 ஜூன் 10இல் நடந்தது. கம்பெனிகள் சட்டம் 2013இன்படி இத்தகைய நிறுவனங்களில் இரு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. ஆகவே அக்டோபர் 8க்குள் அடுத்தது நடந்தாக வேண்டும். ஏழு நாள் முன்னறிவிப்பும் கட்டாயம். அனுப்பும் நாளையும் கூட்ட நாளையும் சேர்க்காமல் எண்ணுவது வழக்கம். நடுவே ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் குறுக்கிடுகின்றன. மிஞ்சியவை மூன்று நாட்கள்.

செப்டம்பர் 15 அன்று உதவியாளர் எழுதினார்: "செப்டம்பர் 30, அக்டோபர் 6, அக்டோபர் 7. மூன்றும் இந்திய நேரம் பிற்பகல் 2.30 முதல் இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நேரில்', 'வீடியோவில்', 'முடியாது' என்று மட்டும் குறிப்பிடுங்கள். 18ஆம் தேதி மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும். அதுவரை மூன்று நேரங்களையும் காலியாக வைத்திருங்கள்."

நான்கு பதில்கள் வந்தன. ஐந்தாமவருக்கு மெயில் பார்க்கும் பழக்கமே குறைவு. ஃபோனில் கேட்டு வாங்கினார். 30க்கு நான்கு பேர், 6க்கு மூன்று பேர், 7க்கு நான்கு பேர். ஐவரில் இருவர் இருந்தாலே கோரம் ஆகிவிடும், எனவே சட்டப்படி எந்த நாளும் போதும். ஆனால் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. இந்தக் கூட்டத்தின் முக்கிய விஷயம் வங்கிக் கடன். நிதி விவகாரத்தைக் கவனிக்கும் சிங்கப்பூர் டைரக்டருக்கு 30 முடியாது. 7ஐப் பிடித்தால் கெடுவுக்கு ஒரே நாள்தான் மிஞ்சும். அன்று ஏதாவது தடங்கல் வந்தால் மறுகூட்டத்துக்கு நேரமே இல்லை.

இந்த இடத்தில்தான் அவர் தன் மெயிலில் விட்ட பிழையைக் கண்டார். நேரத்தை ஒரேயடியாக 2.30 என்று கட்டிவிட்டார்! சிங்கப்பூரில் அது மாலை 5 மணி. அவருக்கு நாளில் பிரச்சினை இல்லை, அந்த நேரத்தில்தான். மதியம் 12.30க்கு மாற்றினால் சிங்கப்பூரில் 3 மணி, லண்டனில் இருப்பவருக்குக் காலை 8 மணி. இருவரும் வீடியோவில் வரச் சம்மதித்தார்கள். மற்ற மூவரையும் ஃபோனில் கேட்டுக்கொண்டார். செப்டம்பர் 30, மதியம் 12.30 என்று முடிவானது.

19ஆம் தேதி முறையான அறிவிப்பு போயிற்று. அதே நாளில் இன்னொரு சின்ன மெயிலும்: "அக்டோபர் 6, 7 இரண்டையும் விடுவித்துக்கொள்ளலாம்." பலரும் மறந்துவிடும் மெயில் இது. அதை அனுப்பாவிட்டால், நடக்காத கூட்டத்துக்காக ஐந்து டைரிகளில் நான்கு மணி நேரம் வீணாகப் பூட்டிக்கிடக்கும்.