ஊசிக்கு முன்னால் ஒரு துளி ரத்தம்

நன்றாகக் கறந்துகொண்டிருந்த ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று திடீரென்று தீவனத்தை ஒதுக்குகிறது. அசை போடுவது நின்று, பாலும் பாதியாகக் குறைகிறது. வெப்பமானியில் 106 டிகிரி. முதல் நாள் காய்ச்சல் ஊசி போட்டதும் சூடு இறங்குகிறது, ஆனால் சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடுகிறது. இரண்டாம் நாள் ஆன்டிபயாடிக் போட்டும் இதே கதைதான். வீட்டுக்காரர் கழுத்தைத் தடவிப் பார்க்கும்போது, தோளுக்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவில் நெறி கட்டியிருப்பது கையில் தட்டுகிறது.

இப்படி விடாமல் நிற்கும் காய்ச்சலும் நெறிக்கட்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தைலேரியாசிஸ். தைலேரியா அன்னுலேட்டா என்ற ஒட்டுண்ணியை ஹயலோமா வகை உண்ணிகள் பரப்புகின்றன. மாட்டின் உடலுக்குள் போன ஒட்டுண்ணி முதலில் நிணநீர் அணுக்களில் பெருகுகிறது. நெறி வீங்குவதும் காய்ச்சல் அடிப்பதும் அதனால்தான். சிவப்பணுக்களுக்குள் அது நுழைவது அதற்குப் பிறகு. அப்போது கண்ணின் உள்சவ்வு வெளுக்கிறது, மஞ்சள் பூக்கிறது, மூச்சு வாங்குகிறது. நாட்டு மாடுகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் இந்த நோய், வெளிநாட்டு ரத்தம் கலந்த மாடுகளைக் கடுமையாகத் தாக்குகிறது.

பபீசியோசிஸும் உண்ணி கொண்டுவருவதுதான். ஆனால் அந்த உண்ணி வேறு, நோய் நடக்கும் விதமும் வேறு. பபீசியா பைஜெமினா சிவப்பணுக்களிலேயே பெருகி அவற்றை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் நிறமி சிறுநீரில் கலந்து, காபித் தண்ணீர் போல வெளியேறும். கடுங்காய்ச்சலோடு திடீரென்று ஆரம்பிக்கும் நோய், ஓரிரு நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். கடைசிக் கட்டத்தில் உடல் சில்லிட்டுப்போவதும் உண்டு. சூடு இறங்கியதைக் குணமாகிவிட்டதாக நினைப்பது அப்போது பேராபத்து.

சிறுநீர் சிவந்தாலே பபீசியா என்று முடிவு கட்டவும் கூடாது. கன்று ஈன்ற சில வாரங்களில் பாஸ்பரஸ் குறைந்தாலும் சிறுநீர் இப்படித்தான் இருக்கும். ஆனால் அதில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது.

இவற்றைப் பிரித்துக் காட்டுவது ரத்தப் பூச்சு. மருந்து போடுவதற்கு முன்பே, காதுமடலின் நுனியில் ஊசியால் குத்தி வரும் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து உலர்த்துவார்கள். சில வகைப் பபீசியா தாக்கிய அணுக்கள் நுண்குழாய்களில் தேங்கி நிற்பதால், கழுத்து நரம்பு ரத்தத்தைவிடக் காதுநுனி ரத்தத்தில் அவை எளிதில் அகப்படும். பூச்சை மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்சில் தேடுவார்கள். சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரண்டு உருவங்கள் கூர்முனைகள் நெருங்க ஜோடியாக இருந்தால் அது பைஜெமினா. தைலேரியா அதைவிடச் சின்னது. முத்திரை மோதிரம், காற்புள்ளி, கோல் எனப் பல உருவங்களில் தெரியும்.

இந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. தைலேரியா காய்ச்சலின் முதல் ஓரிரு நாட்களில் சிவப்பணுக்கள் சுத்தமாகவே இருக்கக்கூடும். அதனால்தான் வீங்கிய நெறியில் ஊசி குத்தி உறிஞ்சிய திரவத்தையும் பூச வேண்டும். நிணநீர் அணுக்களுக்குள் காக்கின் நீல உடல்கள் என்று சொல்லப்படும் கொத்துகள் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. இதற்கு நேர்மாறாக, ஒருமுறை நோய் வந்து தேறிய மாட்டின் ரத்தத்தில் நீண்ட காலம் ஒன்றிரண்டு தைலேரியா உருவங்கள் தங்கியிருக்கும். ஆகவே பூச்சையும் காய்ச்சலையும் நெறியையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதைக் காப்பாற்றாது என்பதால்தான் இவ்வளவு சிரமமும். தைலேரியாவுக்கு பூபர்வாக்குவோன். உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் கணக்கில், கழுத்துத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். மேலே சொன்ன பசு 350 கிலோ என்றால், மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள மருந்தில் 17.5 மில்லி. அதை இரண்டு இடமாகப் பிரித்துப் போட வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து மறு ஊசி. பபீசியாவுக்கு டைமினசின், கிலோவுக்கு 3.5 மில்லிகிராம், அல்லது இமிடோகார்ப். ரத்தம் மிகவும் வற்றிய மாட்டுக்கு மருந்து மட்டும் போதாது. ஒட்டுண்ணி செத்தாலும் மூச்சைச் சுமக்கச் சிவப்பணு இல்லையென்றால் மாடு பிழைக்காது. ஆரோக்கியமான வேறு மாட்டின் ரத்தம் ஏற்றுவதுதான் அங்கே உயிர் காக்கும்.

உண்ணியை ஒழிப்பதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பபீசியாவைப் பரப்பும் உண்ணி குஞ்சுப் பருவம் முதல் வளரும் வரை மாட்டின் மேலேயே இருக்கிறது. அதனால் மாட்டுக்கு மருந்து தெளித்தால் அகப்படும். ஹயலோமா அப்படியல்ல, தொழுவச் சுவரின் விரிசல்களில் இறங்கித் தோலுரிக்கும். அந்த விரிசல்களைப் பூசி அடைத்து, சுவருக்கும் மருந்து தெளிக்காவிட்டால் மாட்டை மட்டும் கழுவிப் பயனில்லை. இந்தியாவில் தைலேரியாவுக்குத் தடுப்பூசியும் உண்டு. திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்க வேண்டிய உயிர்த் தடுப்பூசி என்பதால் அது எல்லாக் கிராமத்துக்கும் எளிதில் போய்ச் சேர்வதில்லை.

கலப்பினப் பசு வளர்ப்பவர்கள் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது ஒன்று. 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்து, உடலில் உண்ணியும் இருந்தால், ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பூச்சு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.