அடுக்கு வீதக் கமிஷன்

அடுக்கு வீதக் கமிஷன் என்பது, ஒரு விற்பனையாளரின் மாத விற்பனையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு சதவீதத்தில் கமிஷன் வழங்கும் முறையாகும். இப்பகுதிகள் அடுக்குகள் எனப்படும். மேல் அடுக்கின் உயர்ந்த சதவீதம் அந்த அடுக்குக்குள் வரும் தொகைக்கு மட்டுமே உரியது. கீழ் அடுக்குகளில் உள்ள தொகைக்குப் பழைய சதவீதமே நீடிக்கும்.

கணக்கிடும் முறை

சென்னை பேசின் பிரிட்ஜில் உள்ள ஒரு மொத்த இரும்புச் சாமான் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் விற்பனையாளர் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலுள்ள பட்டறைகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் நட்டு, போல்ட்டு, குழாய் இணைப்புகள் முதலியவற்றை விற்கிறார். அவருக்கான கமிஷன் வீதம் வருமாறு:

| மாத விற்பனையில் | வீதம் |
|---|---|
| முதல் ரூ. 1,00,000 | 2% |
| அடுத்த ரூ. 1,00,000 | 3% |
| ரூ. 2,00,000-க்கு மேற்பட்ட தொகை | 5% |

ஒரு மாதம் அவர் ரூ. 2,60,000-க்கு விற்றால், முதல் இலட்சத்துக்கு ரூ. 2,000, இரண்டாம் இலட்சத்துக்கு ரூ. 3,000, மீதி ரூ. 60,000-க்கு ரூ. 3,000 கிடைக்கும். மொத்தக் கமிஷன் ரூ. 8,000. மொத்த விற்பனையுடன் ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 3.08% மட்டுமே. "ஐந்து சதவீதம் தருகிறோம்" என்று வாய்மொழியாகச் சொல்லப்படும் வேலைகளில் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

சுருக்க வழி

விற்பனை ரூ. 2,00,000-ஐத் தாண்டிய மாதங்களில், முழுத் தொகைக்கும் 5% கண்டு, அதிலிருந்து ரூ. 5,000 கழித்தால் போதும். முதல் இலட்சத்தில் 3 சதவீதமும் (ரூ. 3,000), இரண்டாம் இலட்சத்தில் 2 சதவீதமும் (ரூ. 2,000) கூடுதலாகக் கணக்கிட்டுவிட்டதால் அந்த ரூ. 5,000 கழிக்கப்படுகிறது. மேற்கண்ட மாதத்துக்கு 13,000 - 5,000 = 8,000. கமிஷன் சீட்டைச் சரிபார்க்க இது எளிய வழியாகும்.

முழுத்தொகை முறையுடன் வேறுபாடு

எல்லையைத் தாண்டியதும் மொத்த விற்பனைக்கும் உயர்ந்த வீதம் தருவது வேறொரு முறை. அதன்படி அதே விற்பனையாளர் ரூ. 2,60,000-க்கு ரூ. 13,000 பெறுவார். இம்முறையில் ரூ. 2,00,000-க்கு 3% வீதம் ரூ. 6,000 கிடைக்கும், இன்னும் ஒரு ரூபாய்க்கு விற்றால் கமிஷன் ரூ. 10,000 ஆகத் தாவும். அடுக்கு முறையில் அந்த ஒரு ரூபாய்க்குக் கிடைப்பது 5 காசு மட்டுமே. எனவே எல்லைக்குச் சற்றுக் கீழேயும் சற்று மேலேயும் உள்ள இரு தொகைகளுக்குக் கமிஷன் கண்டு பார்த்தால், எந்த முறை பின்பற்றப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

இத்தகைய தாவலைத் தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணத்திலும் காணலாம். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரு மாதங்களுக்கு 500 யூனிட் பயன்படுத்தியவர் ரூ. 1,725 செலுத்தினார், 501 யூனிட் பயன்படுத்தியவர் ரூ. 1,958 செலுத்த வேண்டியிருந்தது. கடைசி ஒரு யூனிட்டின் விலை ரூ. 8 மட்டுமே. 500-ஐத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் ரூ. 2.25-இலிருந்து ரூ. 4.50 ஆக மாறியதால், மீதி ரூ. 225 கூடியது. கீழ் அடுக்கின் வீதம் பின்னோக்கி மாறினால் தாவல் ஏற்படும், மாறாவிட்டால் ஏற்படாது.

மாத எல்லையும் திரும்பிய சரக்கும்

கணக்கு ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்குவதால், விற்பனை எந்த மாதத்தில் பதிவாகிறது என்பதும் வருமானத்தை மாற்றும். இரு மாதங்களில் தலா ரூ. 1,30,000 விற்றால் மாதம் ரூ. 2,900 வீதம் மொத்தம் ரூ. 5,800 கிடைக்கும். அதே சரக்கு முழுவதும் ஒரே மாதத்தில் பதிவானால் ரூ. 8,000. இதனால் சிலர் பில்லை முன்கூட்டியோ தாமதித்தோ போடச் செய்வதுண்டு. இதைத் தவிர்க்கவே சில முதலாளிகள் பணம் வசூலான தேதியைக் கணக்கில் கொள்கின்றனர்.

சரக்கு திரும்பி வரும்போதும் இதே சிக்கல் எழும். ரூ. 2,60,000 விற்ற மாதத்தின் சரக்கில் ரூ. 40,000 மதிப்புள்ளது அடுத்த மாதம் திரும்பி வருகிறது எனக் கொள்வோம். விற்ற மாதத்தின் கணக்கைத் திருத்தினால் 5% வீதம் ரூ. 2,000 குறையும். அடுத்த மாத விற்பனை ரூ. 90,000 மட்டுமே என்றிருந்து, அதில் கழித்தால் 2% வீதம் ரூ. 800 மட்டுமே குறையும். இரண்டில் எது பொருந்தும் என்பதைக் கணக்கு மட்டும் முடிவு செய்யாது. ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

எனவே வேலையில் சேரும்போது நான்கு செய்திகள் எழுத்தில் இருப்பது நல்லது: உயர்ந்த வீதம் அடுக்குக்கு மட்டுமா, முழுத்தொகைக்கா, விற்பனை என்பது ஜி.எஸ்.டி. நீங்கலான தொகையா, பில் தேதியா, வசூல் தேதியா, திரும்பிய சரக்கு எந்த மாதத்தில் கழிக்கப்படும்.