சாய்ந்து கிடக்கும் வளைகோட்டின் இரண்டு எண்கள்

5x² − 4xy + 8y² = 36. இந்தச் சமன்பாடு எந்த வளைகோட்டைக் குறிக்கிறது? நடுவில் −4xy மட்டும் இல்லாவிட்டால் பிளஸ் டூ மாணவர் எவரும் ‘நீள்வட்டம்’ என்று உடனே சொல்லிவிடுவார். xy வந்ததும் கை தயங்குகிறது. காரணம் இருக்கிறது. பள்ளியில் நாம் பழகிய நீள்வட்டமும் அதிபரவளையமும் x அச்சுக்கும் y அச்சுக்கும் ஒழுங்காக நேர்ப்பட்டு நிற்பவை. xy உறுப்பு இருந்தால் வளைகோடு சாய்ந்து கிடக்கிறது என்று பொருள். எவ்வளவு சாய்ந்திருக்கிறது, சாய்வை நிமிர்த்தினால் என்ன கிடைக்கும் என்பதை இரண்டே எண்கள் சொல்லிவிடும் என்பதுதான் இங்கே பார்க்கப்போகும் செய்தி.

சமன்பாட்டின் இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் உறுப்பும் இரண்டாம் படியில் இருக்கும் இப்படிப்பட்ட கோவைக்கு இருபடி வடிவம் என்று பெயர். இதற்கு அருமையான ஒரு குணம் உண்டு. ஒரு புள்ளியை ஆதியிலிருந்து இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் கோவையின் மதிப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கு தள்ளினால் ஒன்பது மடங்காகும். ஆகவே ஒரு திசையில் ஓரலகு தூரத்தில் கோவையின் மதிப்பு தெரிந்தால் போதும், அந்தத் திசை முழுவதும் தெரிந்துவிடும். ஓரலகு தூரத்தில் மதிப்பு q என்றால், r தூரத்தில் அது r²q.

இப்போது ஆதியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு தூரம் நடந்தால் வளைகோட்டைத் தொடுவோம் என்று கேட்போம். r²q = 36 ஆகும்வரை நடக்க வேண்டும். x அச்சின் திசையில் q = 5; எனவே தூரம் √(36/5), ஏறக்குறைய 2.68. y அச்சின் திசையில் q = 8; தூரம் 2.12. இரண்டுக்கும் நடுவே 45 பாகைத் திசையில் போனால் (2, 2) என்ற புள்ளியில் வளைகோட்டைத் தொடுகிறோம்: 20 − 16 + 32 = 36. அதன் தூரம் 2.83. அதாவது x அச்சு, y அச்சு இரண்டின் திசையிலும் நடந்ததைவிட இது அதிகம். q குறைந்தால் தூரம் கூடுகிறது, q கூடினால் தூரம் குறைகிறது. அப்படியானால் q மிகச் சிறியதாகும் திசை எது, மிகப் பெரியதாகும் திசை எது? அவைதான் நீள்வட்டத்தின் நெட்டச்சும் குற்றச்சும்.

அந்தத் திசைகளைப் பிடிக்கத்தான் அணி வருகிறது. x², y² ஆகியவற்றின் கெழுக்களை மூலைவிட்டத்தில் வைக்கிறோம். xyயின் கெழுவான −4ஐச் சரிபாதியாகப் பிரித்து, மற்ற இரண்டு இடங்களிலும் −2 என எழுதுகிறோம். முதல் நிரை 5, −2. இரண்டாம் நிரை −2, 8. மூலைவிட்டத்துக்கு இருபுறமும் ஒரே எண் இருப்பதால் இது சமச்சீர் அணி. பாதியாகப் பிரிக்க மறந்து −4ஐ அப்படியே இரண்டு இடத்திலும் போடுவது மாணவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணும் பிழை. இந்தக் கணக்கில் அப்படிச் செய்தாலும் நீள்வட்டம் என்றே விடை வரும். ஆனால் சாய்வும் அச்சுகளின் நீளமும் தவறிவிடும். வகை சரியாக வந்துவிட்டதே என்று பிழை கண்ணில் படாமல் போவதுதான் ஆபத்து.

இந்த அணியால் ஒரு திசையைப் பெருக்கிப் பாருங்கள். (1, 0) என்பதைப் பெருக்கினால் (5, −2) வருகிறது. திசையே மாறிவிட்டது. ஆனால் (2, 1) என்பதைப் பெருக்கினால் 5×2 − 2×1 = 8, −2×2 + 8×1 = 4; அதாவது (8, 4). இது (2, 1)இன் நான்கு மடங்கு. திசை மாறவில்லை. அதேபோல் (1, −2) என்பதைப் பெருக்கினால் (9, −18) வருகிறது, சரியாக ஒன்பது மடங்கு. திசை மாறாத இந்த வெக்டர்களை ஐகன் வெக்டர்கள் என்றும், பெருகும் மடங்கை ஐகன் மதிப்பு என்றும் சொல்கிறோம். இங்கே ஐகன் மதிப்புகள் 4, 9. q எடுக்கும் மிகச் சிறிய மதிப்பும் மிகப் பெரிய மதிப்பும் இவையேதான். இரண்டு திசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து: 2×1 + 1×(−2) = 0. இது தற்செயல் அன்று. அணி சமச்சீராக இருப்பதன் விளைவு.

இனிமேல் எல்லாம் நேரடி. (2, 1) திசையில் 36/4 = 9, அதன் வர்க்கமூலம் 3. (1, −2) திசையில் 36/9 = 4, வர்க்கமூலம் 2. அரை நெட்டச்சு 3, அரைக் குற்றச்சு 2, நெட்டச்சு x அச்சிலிருந்து சுமார் 26.6 பாகை சாய்ந்திருக்கிறது. சமன்பாட்டைப் பார்த்துத் தயங்கிய இடத்திலிருந்து படம் வரையும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஐகன் மதிப்புகளைத் தேடி ஊகிக்க வேண்டியதில்லை. அவற்றின் கூடுதல் மூலைவிட்ட எண்களின் கூடுதலுக்குச் சமம், இங்கே 13. அவற்றின் பெருக்கல் அணிக்கோவைக்குச் சமம், 5×8 − (−2)×(−2) = 36. கூட்டினால் 13, பெருக்கினால் 36 என்றால் 4, 9. ax² + 2hxy + by² என்று எழுதிப் பழகியவர்கள் ab − h² என்ற கோவையை மனப்பாடம் செய்திருப்பார்கள். நேர்மமானால் நீள்வட்டம், எதிர்மமானால் அதிபரவளையம், பூச்சியமானால் பரவளையம் என்ற விதி ஏன் வேலை செய்கிறது என்பது இப்போது விளங்கும். ab − h² என்பது இரண்டு ஐகன் மதிப்புகளின் பெருக்கல். அவை ஒரே குறியா, எதிரெதிர்க் குறியா, ஒன்று பூச்சியமா என்பதை அது சொல்கிறது. அந்த மதிப்புகள் மெய்யெண்களாகவே இருக்குமா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. அவற்றைத் தரும் இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி (a − b)² + 4h². வர்க்கங்களின் கூடுதலாக இருப்பதால் அது எதிர்மமாகவே முடியாது. எத்தனை பெரிய சமச்சீர் அணியாக இருந்தாலும் இது உண்மை என்று 1829இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி நிறுவினார்.

எதிரெதிர்க் குறி வந்தால் என்ன ஆகும் என்பதை x² + 4xy + y² = 3 என்ற சமன்பாடு அழகாகக் காட்டும். கெழுக்கள் எல்லாமே நேர்மம். x²உம் y²உம் ஒரே கெழுவோடு நிற்பதைப் பார்த்தால் வட்டத்துக்கு நெருங்கிய ஏதோ ஒன்று என்றே தோன்றும். அணியில் 1, 2; 2, 1. கூடுதல் 2, பெருக்கல் −3. ஐகன் மதிப்புகள் 3, −1. இது அதிபரவளையம். (1, 1) திசையில் q = 3, ஆகவே ஓரலகு நடந்ததும் வளைகோடு வந்துவிடுகிறது. (1, −1) திசையில் q = −1. எவ்வளவு தூரம் நடந்தாலும் கோவை எதிர்மமாகவே வளர்ந்துகொண்டு போகும், 3ஐ ஒருபோதும் எட்டாது. கணக்கிட்டுப் பார்த்தால் x அச்சுக்குக் கீழே 15 பாகையிலிருந்து 75 பாகை வரையிலான 60 பாகை வெளியிலும், அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் வளைகோடே கிடையாது. அந்த எல்லைத் திசைகளில் q பூச்சியம். அவையே தொலைத் தொடுகோடுகள். மூலைவிட்ட எண்களின் குறியை மட்டும் பார்த்து வகையைத் தீர்மானிப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

ஆனால் ஐகன் மதிப்புகள் மட்டும் முழு விடையாகிவிடாது. முதல் எடுத்துக்காட்டோடு ஒருபடி உறுப்புகளைச் சேர்த்து 5x² − 4xy + 8y² − 6x − 12y + F = 0 என்று எழுதுவோம். மையம் ஆதியிலிருந்து (1, 1)க்கு நகர்கிறது. அங்கே இடப்பக்கத்தின் மதிப்பு F − 9. F = −27 என்றால் முன்பு பார்த்த அதே நீள்வட்டம், இடம் மட்டும் மாறியிருக்கும். F = 9 என்றால் அது ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. F = 10 என்றால் வரைய எதுவுமே இல்லை. மூன்றுக்கும் ஐகன் மதிப்புகள் 4, 9 தான். பூச்சியம் வரும் வகையிலும் இப்படித்தான். (x − y)² = 8x + 8y என்பது பரவளையம்; (x − y)² = 2 என்பது இணையான இரண்டு நேர்கோடுகள். இரண்டுக்கும் ஐகன் மதிப்புகள் 2, 0. ஆகவே குறிகளைப் பார்த்தபின், மையம் இருந்தால் அங்கே மிஞ்சும் மாறிலியையும் பார்த்தாக வேண்டும். மையம் இல்லையென்றால், பூச்சியம் வந்த திசையில் ஒருபடி உறுப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை அளவீடு செய்பவர்களுக்கு. x மீட்டரிலும் y சென்டிமீட்டரிலும் இருந்தால் ஐகன் மதிப்புகள் வேறாகிவிடும், அச்சுகளின் திசையும் பிறழும். குறிகள் மட்டும் மாறா. 1852இல் சில்வெஸ்டர் வெளியிட்ட விதி அதை உறுதிசெய்கிறது. எனவே வகையை அறிய எந்த அலகும் போதும். நீளமும் சாய்வும் வேண்டுமென்றால் இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அலகு வேண்டும்.

ஒரே அலகில் அளந்தபோது, அந்த இரண்டு எண்களின் விகிதத்துக்குள் மையத்தொலைத்தகவும் அடங்கியிருக்கிறது. குவியங்கள் இருக்கும் அச்சின் ஐகன் மதிப்பு λ₁, மற்றது λ₂ என்றால் e² = 1 − λ₁/λ₂. நமது நீள்வட்டத்துக்கு 1 − 4/9, அதாவது e சுமார் 0.745. அதிபரவளையத்துக்கு 1 − 3/(−1) = 4, ஆகவே e = 2. λ₁ பூச்சியமானால் e = 1, பரவளையம். வட்டம், நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் எல்லாம் ஒரே வாய்பாட்டில் வரிசையாக வந்து நிற்கின்றன.

பரவளையம் இந்த வரிசையில் நூலிழை எல்லை. அளந்து பெற்ற எண்களில் ஐகன் மதிப்பு துல்லியமாகப் பூச்சியமாக வராது. அணியின் ஒவ்வோர் எண்ணிலும் 0.01 வரை பிழை இருக்கலாம் என்றால், ஐகன் மதிப்பு 0.02 வரை நகரக்கூடும். கணக்கில் 2, 0.003 என்று வந்தால் அதை நீள்வட்டம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை, 0.003இன் குறியே நிச்சயமில்லை. வால்மீன்களின் பாதையைக் கணிக்கும் வானியலாளர்கள் e என்ற எண்ணில் இதே இக்கட்டைச் சந்திக்கிறார்கள். மிகத் தொலைவிலிருந்து வரும் வால்மீன்களுக்கு அது 1ஐ ஒட்டியே இருக்கும். சில நாள் அவதானிப்புகள் மட்டும் கையில் இருக்கும்போது நீள்வட்டமா அதிபரவளையமா என்று பிரிக்க முடியாததால், e = 1 என்று எடுத்துக்கொண்டு முதல் கணிப்பைச் செய்வது வழக்கம். 2019 ஆகஸ்டில் கிரிமியாவிலிருந்து போரிசோவ் கண்டுபிடித்த வால்மீனுக்கு அந்தத் தயக்கம் நீடிக்கவில்லை. அதன் e சுமார் 3.36. நமது வாய்பாட்டில் வைத்தால் λ₁ மற்றதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், குறியும் எதிர். எந்த அளவீட்டுப் பிழையும் அதைப் பூச்சியத்துக்கு இழுத்துவர முடியாது. அது சூரியனைச் சுற்றி மீண்டும் வரும் வால்மீன் அன்று, வேறு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்து கடந்துபோவது என்று முடிவாயிற்று.